'லேடீஸ் ஒன்லி' நேரம்: யுனிசெக்ஸ் சலூனில் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் முறை

எங்கள் சலூனில் ஐந்து நாற்காலி. இரண்டு ஆண் ஸ்டைலிஸ்டுகள், ஒரு பெண் ஸ்டைலிஸ்ட், இரண்டு பியூட்டிஷியன்கள், ரிசப்ஷனில் ஒரு பெண். கடை வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. கல்லூரிப் பெண்கள் வருவார்கள், பள்ளி ஆசிரியைகள் வருவார்கள், ஹிஜாப் அணிந்தவர்களும் நிறைய வருவார்கள். திறந்து ஒரு வருடம் கழித்து, "புதன்கிழமை மதியம் லேடீஸ் ஒன்லி" என்று ஒரு அட்டை எழுதிக் கதவில் ஒட்டினோம். அவ்வளவுதான் எங்கள் கொள்கை.

மூன்றாவது வாரமே அது உடைந்தது. ஒரு அக்காவுக்கு ஸ்ட்ரெய்ட்னிங் நடந்துகொண்டிருந்தது. நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. தலைத்துணி இல்லாமல், முடியெல்லாம் கிரீமோடு அவர் உட்கார்ந்திருக்க, கதவைத் திறந்துகொண்டு ஒருவர் ஷேவிங்குக்கு வந்துவிட்டார். அக்கா கத்தவில்லை, சண்டை போடவில்லை. பக்கத்திலிருந்த டவலை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வேலை முடிகிற வரைக்கும் குனிந்தே இருந்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய நாத்தனார்களும் வரவில்லை.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. 'லேடீஸ் ஒன்லி' என்ற இரண்டு சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். ஒருவருக்கு, அந்த நேரத்தில் ஆண் வாடிக்கையாளர் இருக்கக் கூடாது, ஆண் ஸ்டைலிஸ்ட் வெட்டினால் பரவாயில்லை. இன்னொருவருக்கு, பெண்தான் தொட வேண்டும், தூரத்தில் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தால் கவலையில்லை. மூன்றாமவருக்கு, எந்த ஆணின் பார்வையும் படக் கூடாது, கேமரா வழியாகக்கூட. யார் உள்ளே வருகிறார், யார் தொடுகிறார், யார் பார்க்கிறார் என்ற இந்த மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால்தான் அது கொள்கை. நீங்கள் எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் தப்பில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றைக் கொடுப்பதுதான் தப்பு.

முதலில் நேரம்

பெரும்பாலான கடைகள் இதில் ஒரே மாதிரி சறுக்குகின்றன. செவ்வாய்க்கிழமை ஆண்கள் முடி வெட்ட வருவதில்லை, கடை காலியாக இருக்கிறது, சரி, அதைப் பெண்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டக் கூடாது என்று நினைக்கும் வீடுகளில் பெண்களும்தானே இருக்கிறார்கள்? ஃபேஷியலுக்கும் ஐப்ரோவுக்கும் நாலு பேர் வருவார்கள், ஹேர்கட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு 'லேடீஸ் டைம் ஓடவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக, கடைசி நான்கு வாரப் பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் எந்த நாள், எந்த மணிக்கு வந்தார்கள் என்று குறியுங்கள். அதோடு இன்னொன்றும் வேண்டும். ஃபோனில் "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு வராமலே போனவர்களின் அழைப்புகள். அவை பில்லில் வராது. ரிசப்ஷனில் ஒரு நோட்டு வைத்து இரண்டு வாரம் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். உங்கள் லேடீஸ் நேரத்துக்கு உண்மையில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

எங்கள் நோட்டில் இரண்டு கூட்டம் தெரிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் இல்லத்தரசிகள் ஒரு கூட்டம். வேலை முடிந்து மாலையில் மட்டுமே வரமுடிகிற ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு கூட்டம். ஒரே ஒரு பகல் நேரம் வைத்தால் இரண்டாவது கூட்டம் மொத்தமாக விட்டுப்போகும். அதனால் புதன் 10.30 முதல் 2.30 வரை, வியாழன் மாலை 5 முதல் 8 வரை என்று வைத்தோம். வாரத்துக்கு 7 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்கவில்லை. அது ஆண்களின் நாள், அதில் கை வைத்தால் வாடகை கொடுக்க முடியாது.

முடிகிற நேரம்தான் கத்தி மேல் நடப்பது. முதல் சம்பவத்தில் எங்களைக் கவிழ்த்ததும் அதுதான். லேடீஸ் நேரம் 2.30-க்கு முடிகிறது என்றால் ஆண்களுக்கு முதல் அப்பாயின்ட்மென்ட் 3 மணிக்குத்தான். நடுவில் உள்ள அரை மணி நேரம் யாருக்கும் விற்பனைக்கு இல்லை. அதோடு ஒவ்வொரு வேலைக்கும் கடைசியாக எப்போது உட்கார வைக்கலாம் என்று எழுதி ரிசப்ஷனில் ஒட்டிவிட்டோம். ஐப்ரோவுக்கு 2.15, ஹேர்கட்டுக்கு 1.45, முழுத்தலை கலருக்கு 12 மணி. ஸ்ட்ரெய்ட்னிங் என்றால் 10.30-க்கு மட்டும், அதுவும் தோள் அளவு முடிக்குத்தான். இடுப்பு வரை முடி இருந்தால் கிரீம் போட்டு, அலசி, அயர்ன் செய்து, மறுபடி கிரீம் போட்டு அலசி முடிக்க நான்கு மணி நேரம் போதாது. அவர்களுக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து செய்யும் நாளைத் தனியாகப் பேசி முடிவு செய்கிறோம். வியாழன் மாலையில் ஸ்ட்ரெய்ட்னிங் எடுப்பதே இல்லை.

கதவு, கண்ணாடி, கேமரா

யார் பார்க்கிறார் என்ற கேள்விக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் பதில் தேட வேண்டும், நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காருங்கள், ஹேர் வாஷ் நாற்காலியில் சாய்ந்து பாருங்கள். எங்கள் கடையில் வாஷ் நாற்காலி தெருவிலிருந்து நேராகத் தெரியாது. ஆனால் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் பட்டு, வாசலில் நிற்பவருக்கு முழுதாகத் தெரிந்தது. ஒரு திரை போட்டதும் தீர்ந்தது.

வாசல் கண்ணாடியில் பளபளக்கும் ஒருவழி ஃபிலிம் ஒட்டியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும்வரைதான் அது மறைக்கும். மாலை ஆறரைக்கு மேல் வெளியே இருட்டி, உள்ளே லைட் எரியும்போது நிலைமை தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியாது, தெருவில் போகிறவருக்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். மாலை நேரம் வைக்கிற கடைக்குப் பால் நிற ஃபிலிம்தான் சரி, அல்லது உள்பக்கம் திரை. இரவில் ஒருமுறை சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிடுங்கள்.

கேமராவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல கடைகளில் முதலாளி வீட்டில் உட்கார்ந்து மொபைலில் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். லேடீஸ் நேரத்திலும் பார்த்துக்கொண்டிருந்தால், கதவில் ஒட்டிய அட்டை பொய். எங்கள் கடையில் வாசலிலும் பில் கவுண்டரிலும் மட்டும் கேமரா இருக்கிறது. நாற்காலிகள் இருக்கும் பக்கம் திரும்பியிருந்ததைக் கழற்றிவிட்டோம். வேக்சிங் அறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் கேமரா என்பது பேச்சுக்கே இடமில்லாதது. தனிமையில் இருக்கும் பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படம்பிடிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின் கீழ் குற்றம். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

மற்றபடி தண்ணீர் கேன், கூரியர், ஏசி மெக்கானிக் எல்லாம் அந்த ஏழு மணி நேரத்துக்கு வெளியே. கூட வரும் கணவர்களுக்கு வாசலுக்கு வெளியே இரண்டு நாற்காலி. அம்மாவோடு வரும் பையன்களுக்கு ஒரு வயது வரம்பு வைத்துவிடுங்கள். நாங்கள் ஆறு என்று வைத்தோம். ஏழா எட்டா என்று நீங்கள் முடிவு செய்யலாம், ஆனால் எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு வாரமும் ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான் பஞ்சாயத்து செய்ய வேண்டியிருக்கும். திருநங்கைகள் பெண்கள், அந்த நேரத்தில் வரலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது வாசலில் நிற்க வைத்துப் பேசுகிற விஷயமாகிவிடும், அந்த அவமானத்துக்கு யாரையும் ஆளாக்கக் கூடாது.

ஆண் ஸ்டைலிஸ்ட் எதைச் செய்யலாம்

இது மற்ற நேரங்களுக்கான விதி. லேடீஸ் நேரத்தில் எங்கள் ஆண் ஸ்டைலிஸ்டுகள் தளத்தில் இருப்பதே இல்லை. மற்ற நேரத்தில் எத்தனையோ பெண்கள் அவர்களிடம்தான் வெட்டிக்கொள்ள விரும்புகிறார்கள். எங்கள் ஊரில் லேயர் கட்டுக்கு அவர்களில் ஒருவரைத் தேடிப் பக்கத்து ஊரிலிருந்தும் வருகிறார்கள்.

2024 இறுதியில் உத்தரப் பிரதேச மாநில மகளிர் ஆணையம், பெண்களுக்கு ஆண்கள் முடி வெட்டக் கூடாது, ஆண் டெய்லர்கள் அளவெடுக்கக் கூடாது என்று ஒரு யோசனையை முன்வைத்தது. என் பார்வையில் அது தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெண்ணிடமிருந்தே பிடுங்குவது. இது ஆண் வேலை, அது பெண் வேலை என்று கோடு கிழிப்பது இருபக்கமும் வெட்டும். திரைத்துறையில் பெண்கள் சிகை அலங்காரம் செய்யலாம், மேக்கப் கலைஞராகக் கூடாது என்று சங்கங்கள் வைத்திருந்த தடை 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விலகியது. ஆகவே எங்கள் விதியில் நாங்கள் திறமையைப் பார்த்துப் பிரிக்கவில்லை. உடலில் எங்கே தொட வேண்டியிருக்கிறது, ஆடை எவ்வளவு விலக வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துப் பிரித்தோம்.

ஹேர்கட், ப்ளோ ட்ரை, கலர், ஸ்ட்ரெய்ட்னிங், சிகை அலங்காரம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் சரி என்றால் ஆண் செய்யலாம். வேக்சிங், பாடி மசாஜ், புடவை கட்டிவிடுவது, கழுத்துக்குக் கீழே இறங்கும் ஃபேஷியல் ஆகியவற்றைப் பெண் மட்டும். வாடிக்கையாளரே பரவாயில்லை என்றாலும் எங்கள் கடையில் கிடையாது. இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் சிக்கல்: ஹேர் வாஷும் தலை மசாஜும். வாஷ் நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெண்ணால் எதையும் பார்க்க முடியாது, எழவும் முடியாது. அதனால் கட்டிங் ஷீட் போட்டபடியே வாஷ். ஸ்டைலிஸ்ட் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும், பக்கவாட்டில் வந்து குனியக் கூடாது. தலை மசாஜ் தலையோடு நிற்கும். கழுத்து, தோளுக்கு இறங்காது.

துப்பட்டாவை விலக்குவது, கட்டிங் ஷீட்டைக் கழுத்தில் கட்டுவது இரண்டையும் பெண் ஊழியர் செய்வார், அல்லது வாடிக்கையாளரே. சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்தவரை பெண்கள் கூசிப்போவது கத்தரி முடியில் படும்போது இல்லை, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு கை காலருக்குள் போகும்போதுதான். "பின்கழுத்து முடியை எடுக்கிறேன், மேடம்" என்று தொடுவதற்கு முன் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

முன்-பின் படம் எடுப்பதானால் கடையின் ஃபோனில், கேட்ட பிறகு, முகம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் கேட்ட பிறகு. ஸ்டைலிஸ்டின் சொந்த ஃபோனில் எடுக்கக் கூடாது. வாடிக்கையாளரின் எண்ணும் அவரிடம் போகக் கூடாது. எல்லாச் செய்தியும் கடை எண்ணிலிருந்து மட்டும்.

கேட்கும் விதம்

யார் செய்வது என்று ஃபோனில் புக் செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, கத்தரியோடு நிற்கும் தம்பியின் முன்னாலேயே "இவர் செய்தால் பரவாயில்லையா?" என்று கேட்டால் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? பாவம், அந்தத் தம்பிக்கும் முகம் சுருங்கிவிடும்.

எங்கள் ரிசப்ஷனில் கேட்பது இது: "ஹேர்கட்டுக்கு லேடி ஸ்டைலிஸ்ட் வேணுமா மேடம், இல்ல யாரா இருந்தாலும் ஓகேவா?" எல்லாப் பெண்களிடமும் இதே கேள்வி. ஹிஜாப் அணிந்தவர்களிடம் மட்டும் கேட்பது, ஜீன்ஸ் போட்டவர்களிடம் கேட்காமல் விடுவது இரண்டும் கூடாது. நம் ஊகம் எத்தனை முறை தப்பாகும் என்பதைக் கேட்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே பார்த்தேன். கணவரோ அம்மாவோ புக் செய்தால், வந்ததும் அவரிடமே ஒருமுறை தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். கலருக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் அலர்ஜி டெஸ்ட் வைக்க வருகிறார்களே, இதைப் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. கடையைப் பார்த்துவிடுவார்கள், ஆட்களைப் பார்த்துவிடுவார்கள், வீட்டில் போய் யோசித்தும் சொல்வார்கள்.

பதிலை அப்பாயின்ட்மென்ட்டில் 'பெண் மட்டும்' அல்லது 'யாரும்' என்று குறிக்கிறோம். 'பெண் மட்டும்' என்று குறித்தவருக்கு அன்று எங்கள் பெண் ஸ்டைலிஸ்ட் லீவு என்றால், வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அழைத்துச் சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு "இன்னைக்கு அண்ணாதான் இருக்காரு, நல்லா பண்ணுவாரு" என்று சமாளித்தால் கிடைக்கும் தலையாட்டல் சம்மதம் இல்லை. பாதி வேலையில் மனம் மாறினாலும் ஆளை மாற்றித் தர வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. கட்டணம் எப்போதும் ஒன்றுதான். பெண் கேட்டதற்காக 50 ரூபாய் கூட வாங்கினால், அது தேர்வு இல்லை, அபராதம்.

ஊழியர்களின் பக்கம்

அட்டையில் 'பெண்களின் பாதுகாப்புக்காக' என்று முதலில் எழுதியிருந்தேன். எங்கள் மூத்த ஸ்டைலிஸ்ட் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. பாதுகாப்பு என்றால் யாரிடமிருந்து? அன்று மாலையே 'வாடிக்கையாளரின் விருப்பத்துக்காக' என்று மாற்றிவிட்டேன்.

பணமும் இதில் இருக்கிறது. நம் கடைகளில் சம்பளத்தோடு, பில் இலக்கைத் தாண்டினால் இன்சென்டிவ் என்பதுதான் வழக்கம். ஒருவர் வாரம் 60 மணி நேரம் வேலை செய்து மாதம் 60,000 ரூபாய் பில் இலக்கு வைத்திருந்தால், அதில் 7 மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்ட பிறகும் அதே இலக்கை வைப்பது அநியாயம். 53 மணி நேரத்துக்கு 53,000 என்று குறைத்தோம். வியாழன் மாலையை அவர்களுக்கு ஓய்வாகவே விட்டுவிட்டோம். புதன் பகலில் ஒருவர் சரக்கு வாங்கப் போவார், இன்னொருவர் தாமதமாக வருவார். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2.20-க்கே கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை.

விதி இருபக்கமும் ஓட வேண்டும். ஆண் வாடிக்கையாளருக்கு ஹெட் மசாஜ் செய்ய எங்கள் பெண்களுக்கு விருப்பமில்லை என்றால் செய்ய வேண்டியதில்லை. ஒரு பெண் வாடிக்கையாளர் எல்லை மீறிப் பேசினால் எங்கள் தம்பியும் விலகிக்கொள்ளலாம். கடை அவர்கள் பக்கம் நிற்கும்.

புகார் வந்தால்

யாரிடம் சொல்வது என்று ஒரு பெண்ணின் பெயரும் எண்ணும் ரிசப்ஷனில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். யார்மேல் புகார் வரக்கூடுமோ அவருக்கு உறவினராக இல்லாதவர் நல்லது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கடைக்கு வந்த பெண் வாடிக்கையாளரும் அதன்கீழ் புகார் கொடுக்கலாம். பத்து அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் இருந்தால் கடையிலேயே உள்ளகக் குழு அமைக்க வேண்டும். எங்களைப் போல அதற்குக் கீழே இருந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அந்தத் தகவலையும் அங்கேயே ஒட்டுவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

புகாராக வராதவையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஸ்டைலிஸ்டிடம் முதல்முறை வந்த பெண்களில் எத்தனை பேர் மூன்று மாதத்தில் திரும்பி வந்தார்கள் என்று பில்லில் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் எண்ணிக்கை குறைவாக இருந்தால், வெட்டு சரியில்லாமலும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். விசாரிக்காமல் முடிவு கட்டாதீர்கள், விசாரிக்காமல் விட்டும்விடாதீர்கள்.

அட்டையில் எழுதியது

இப்போது எங்கள் கதவில் இருப்பது இவ்வளவுதான்:

*வாடிக்கையாளரின் விருப்பத்துக்காக, பெண்களுக்கான நேரம்: புதன் காலை 10.30 – 2.30, வியாழன் மாலை 5 – 8.*
*இந்த நேரத்தில் வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் பெண்கள் மட்டுமே. திருநங்கைகளும் வரலாம். ஆறு வயது வரை உள்ள பையன்களை அழைத்து வரலாம்.*
*வாசலிலும் பில் கவுண்டரிலும் மட்டும் கேமரா உண்டு.*
*மற்ற நேரங்களில் உங்களுக்கு யார் செய்ய வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கட்டணம் ஒன்றே.*
*குறை இருந்தால் ரிசப்ஷனில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.*

ஒட்டுவதற்கு முன் இரண்டு வாரம் அதை நாமே நடத்திப் பார்த்தோம். முதல் புதன்கிழமை ஏசி மெக்கானிக் வந்து நின்றார், இரண்டாவது வியாழன் ஒரு கலர் 8.20 வரை இழுத்தது. மெக்கானிக்கின் நம்பர் ரிசப்ஷனில் இருக்கிறது, இனி நேரம் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். வியாழன் கலருக்குக் கடைசி நேரம் 5.15 என்று பேனாவால் திருத்தி எழுதினோம். அதற்கப்புறம்தான் அட்டை கதவுக்குப் போனது.